தொழில்நுட்ப எழுத்தாளர் பணிக்கான விண்ணப்பக் கடிதம்

குடியாத்தம்,
வேலூர் மாவட்டம்.
14.07.2025

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பயனர் ஆவணப் பிரிவு,
சென்னை.

பொருள்: தமிழ்த் தொழில்நுட்ப எழுத்தாளர் பணி – விண்ணப்பமும் எழுத்து மாதிரியும்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் சுவாசக் கருவிகளுக்குத் தமிழில் கையேடு எழுத ஆள் தேவை என்ற உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். விண்ணப்பத்தோடு, சிக்கலான ஒரு கருவியை எளிமையாக விளக்கும் மாதிரி ஒன்றும் கேட்டிருந்தீர்கள். அதைத் தனித்தாளில் இணைக்காமல் இந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன். நான் எடுத்துக்கொண்ட கருவி ஆக்சிஜன் செறிவூட்டி. அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா முப்பது வருடம் தோல் பதனிடும் வேலை பார்த்தவர். நுரையீரல் நோய் முற்றி, 2022ல் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, தினமும் இரவில் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார்கள். மிஷினை வாடகைக்கு எடுத்தோம். கூடவே ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம் வந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பீடி சுற்றிக் குடும்பம் நடத்திய என் அம்மாதான் அந்த மிஷினை இரவெல்லாம் பார்த்துக்கொண்டார். முதல் நாள் இரவே எனக்கு போன் வந்தது. "மிஷின் புஸ்ஸு புஸ்ஸுனு விடுது, கேஸ் லீக் ஆவுதுபோல, அணைச்சிட்டேன்" என்றார். அது லீக் இல்லை. அந்தச் சத்தம் வந்தால்தான் மிஷின் வேலை செய்கிறது என்று பொருள். இந்த ஒரு வரி புத்தகத்தின் பின்பக்கத்தில், 'சாதாரண இயக்க ஒலிகள்' என்ற தலைப்புக்குக் கீழே இருந்தது. அம்மாவுக்கு அது தேவைப்பட்டது முதல் பக்கத்தில்.

மறுநாள் நான் ஒரே தாளில் தமிழில் எழுதி மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அந்தத் தாளைத் திருத்தித் திருத்தி வந்த வடிவம்தான் கீழே இருப்பது.

---

உங்கள் ஆக்சிஜன் மிஷின்

நாம் மூச்சு விடும் காற்றில் 100 பங்கில் ஏறக்குறைய 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன். இந்த மிஷின் ஆக்சிஜனைப் புதிதாக உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் காற்றை இழுத்து, அதிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை உங்களுக்குத் தருகிறது. அந்த மிச்சத்தில் 100க்கு 90 பங்குக்கு மேல் ஆக்சிஜன்.

நைட்ரஜனை எப்படிப் பிடிக்கிறது? மழை நாளில் வீடு ஒழுகினால் என்ன செய்வோம்? இரண்டு துணி வைத்துக்கொள்வோம். ஒன்று தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைப் பிழிவோம். பிறகு மாற்றிப் போடுவோம். மிஷினுக்குள்ளும் அப்படி இரண்டு உருளைகள் இருக்கின்றன. இரண்டிலும் சின்னச் சின்ன மணிகள் நிறைந்திருக்கும். காற்றை அழுத்தி உள்ளே அனுப்பினால் அந்த மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தத்தை விட்டால் நைட்ரஜனை வெளியே விட்டுவிடும். ஒரு உருளை பிடிக்கும்போது இன்னொன்று வெளியே விடும். சில நொடிக்கு ஒருமுறை முறை மாறும்.

அப்போது வரும் 'புஸ்' சத்தம், நைட்ரஜன் வெளியேறும் சத்தம். அது ஆபத்தில்லை. அந்தச் சத்தம் நின்றுவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

மிஷினுக்குள் ஆக்சிஜன் சேர்த்து வைக்கப்படுவதில்லை. கரண்ட் போனால் ஆக்சிஜனும் நிற்கும். அதனால் ஒரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். அதைத் திறக்கவும் குழாயை மாட்டவும் பகலிலேயே ஒருமுறை செய்து பாருங்கள்.

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் என்பதை டாக்டர் சொல்வார். கண்ணாடிக் குழாயில் ஒரு சின்னப் பந்து மிதக்கும். பந்தின் நடுப்பகுதி அந்த எண்ணின் கோட்டில் நிற்க வேண்டும். மேல் ஓரமோ கீழ் ஓரமோ அல்ல. மூச்சு வாங்குகிறதே என்று நீங்களாகக் கூட்டாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மேல் போனால் உடம்பில் கரியமில வாயு தங்கி, மயக்கம் வரும்.

காற்று வருகிறதா என்று சந்தேகம் வந்தால், மூக்கில் வைக்கும் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் வையுங்கள். குமிழி வந்தால் வருகிறது. வராவிட்டால் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா, கட்டில் காலுக்குக் கீழே மாட்டியிருக்கிறதா, மிஷினில் மாட்டியிருக்கும் தண்ணீர் பாட்டிலின் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முனையைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

அந்தப் பாட்டிலில் மருந்துக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளையாகப் படியும்.

மிஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மேலே துணி போடாதீர்கள். வீட்டில் எந்த அறை குளிர்ச்சியோ அந்த அறையில் வையுங்கள்.

மிஷின் ஓடும் அறையில் பீடி, சிகரெட், விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம், அடுப்பு எதுவும் வேண்டாம். ஆக்சிஜன் தானாகத் தீப்பிடிக்காது. ஆனால் பிடித்த தீயை மிக வேகமாகப் பரப்பும். குழாயைக் கழற்றி மெத்தை மேல் போட்டால் ஆக்சிஜன் துணியில் தங்கும். கழற்றினால் மிஷினையும் அணைத்துவிடுங்கள்.

---

இதில் சில இடங்களை ஏன் இப்படி எழுதினேன் என்று சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்க விரும்புவது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

'செறிவூட்டி' நல்ல சொல்தான். 2021ல் செய்தித்தாள்களில் தினமும் வந்தது. அட்டையில் அது இருக்கட்டும். ஆனால் எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆக்சிஜன் மிஷின் என்றுதான் சொல்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பதற்றத்தில் படிப்பவருக்கு, தன் வாயில் வரும் சொல் தாளிலும் இருக்க வேண்டும்.

அந்த மணிகளைப் பற்றி நிறைய யோசித்தேன். ஆங்கிலத்தில் அதற்கு 'மூலக்கூறுச் சல்லடை' என்று பொருள்படும் பெயர். முதலில் நானும் சல்லடை என்றே எழுதினேன். அது தவறான படத்தைத் தந்தது. பெரியது மேலே நிற்கும், சின்னது கீழே விழும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். இங்கே நடப்பது சலிப்பது இல்லை. சியோலைட் என்ற அந்தப் பொருள் ஆக்சிஜனை விட நைட்ரஜனை வலுவாகத் தன் பரப்பில் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் துணியும் பிழிவதும். இந்த உவமையிலும் ஒரு குறை உண்டு. துணி தண்ணீரை உறிஞ்சுகிறது, சியோலைட்டில் நடப்பது பரப்புக் கவர்தல். வீட்டில் இருப்பவருக்கு அந்த வித்தியாசத்தால் எந்த இழப்பும் இல்லை. பழுது பார்ப்பவருக்கு உண்டு. ஈரம் உள்ளே போனால் அந்த மணிகள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நைட்ரஜனை விட்டுவிடும் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அவருக்கு எழுதினால் நான் இப்படி எழுதுவேன்: "அழுத்த மாற்றப் பரப்புக் கவர்தல் முறையில் இரண்டு சியோலைட் படுகைகள் மாறி மாறி இயங்குகின்றன. ஆக்சிஜன் விகிதம் குறைந்தால் முதலில் உள்ளிழுக்கும் வடிகட்டியையும் கம்ப்ரஸர் அழுத்தத்தையும் சோதிக்கவும். அவை சரியாக இருந்தால் வால்வு மாறும் நேரத்தையும் படுகையில் ஈரம் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்கவும்."

பந்து பற்றிய வரி எங்கள் வீட்டிலிருந்து வந்தது. அம்மா பந்தின் மேல் ஓரத்தை 2 என்ற கோட்டுக்கு நேராக வைத்திருந்தார். அப்பாவுக்குச் சொன்னதை விடக் குறைவாகவே போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

சிலிண்டர் பற்றிய வரியை முதலில் "மின்தடை ஏற்படின் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும்" என்று எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "சரி, என்னா ஏற்பாடு?" என்று கேட்டார். அந்த வரியை அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் அதைப் பயன்படுத்தப் போகிற ஒருவரிடம் கொடுத்து, நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று, அவர் கை எங்கே தயங்குகிறது என்று பார்ப்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

வெப்பத்தைப் பற்றியும் ஒன்று. இந்த மிஷின்களில் பெரும்பாலானவை 40 டிகிரி வரை இயங்கவே வடிவமைக்கப்பட்டவை. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியிலேயே அதைத் தாண்டும் நாட்கள் உண்டு. தகர ஷீட் போட்ட வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம். 'வெப்பமான சூழலைத் தவிர்க்கவும்' என்று எழுதினால் அந்த வீட்டுக்காரர் எங்கே போவார்? இருக்கிற வீட்டுக்குள் எங்கே வைப்பது என்று சொல்வதுதான் அவருக்கு உதவும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: இளநிலை இயற்பியல் படித்தேன். நான்கு வருடமாக ராணிப்பேட்டை சிப்காட்டில் மின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் பயனர் கையேடுகள் எழுதுகிறேன். வயரிங் படங்களையும் நானே வரைகிறேன். மருத்துவக் கருவிகளுக்கு அலுவலக முறையில் இதுவரை எழுதியதில்லை. உங்கள் பொறியாளர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. நான் எழுதிய எந்த எச்சரிக்கை வரியும் மருத்துவர் ஒருவர் பார்க்காமல் அச்சுக்குப் போகக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். மேலே உள்ள மாதிரிக்கும் அது பொருந்தும்.

அப்பா 2023ல் இறந்துவிட்டார். மிஷினைத் திருப்பிக் கொடுத்தபோது, வாடகைக் கடைக்காரர் சுவரில் இருந்த தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அவர் ஒவ்வொரு மிஷினோடும் அதன் நகலைக் கொடுக்கிறார்.

நேர்காணலுக்கு எந்த நாளிலும் வர முடியும். குடியாத்தத்திலிருந்து காலை ரயில் பிடித்தால் அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு வந்துவிடுவேன். தேர்வானால், இப்போதைய நிறுவனத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுச் சேர வேண்டும். நான் எழுதிய இரண்டு கையேடுகளின் பக்கங்களையும் சான்றிதழ் நகல்களையும் இணைத்திருக்கிறேன். நேர்காணலின்போது உங்கள் கருவி ஒன்றை என் முன்னால் வைத்து, ஒரு மணி நேரம் கொடுத்து, ஒரு பக்கம் எழுதச் சொன்னாலும் மகிழ்ச்சியோடு செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ர. கௌசல்யா