வியாழன் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் எனக்குப் பதிலா நீங்க நிற்க முடியுமா?

செந்தில் அண்ணா, வணக்கம்.

வியாழக்கிழமை காலை 10 மணிக்கு நம்ம இரண்டாவது யூனிட்ல நான் பாக்கற குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டருக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். அதே நேரத்துல பெருந்துறை சிப்காட் சாயப்பட்டறையில அடுத்த ஆர்டரோட நேவி கலரை நேர்ல பார்த்து ஓகே சொல்லணும். அதைத் தள்ளினா கட்டிங் நிக்கும். உங்களால எனக்குப் பதிலா இன்ஸ்பெக்ஷன்ல நிற்க முடியுமாங்கண்ணா? ஷேட் வித்தியாசத்தை உங்க கண்ணு மாதிரி இங்க வேற யாரும் பிடிக்கறதில்லை. அதான் உங்களைக் கேக்கறேன்.

மொத்தம் 4,800 பீஸ், 80 பெட்டி. ஏ.க்யூ.எல். 2.5-ல 200 பீஸ் எடுப்பாங்க. மேஜர் 10 வரை பாஸ், 11 வந்தா ஃபெயில். பேக்கிங் புதன் சாயங்காலமே முடிஞ்சிடும், மெட்டல் டிடெக்டர் பதிவேட்டை சுந்தரி அக்கா எடுத்து வச்சிருப்பாங்க.

கவலை ஒண்ணுதான், சிவப்பு கலர். ரெண்டு சாய லாட். ரெண்டாவது லாட்ல கழுத்து ரிப் உடம்புத் துணியை விட ஒரு சாயல் வெளுப்பு. டியூப் லைட்ல தெரியாது, லைட் பாக்ஸ்ல டி65 போட்டாதான் தெரியும். பையர் கையெழுத்துப் போட்ட ஷேட் பேண்டுக்குள்ளதான் இருக்கு. அந்த பேண்ட் என் மேஜை முதல் டிராயர்ல, பச்சை ஃபைல்ல இருக்கு. இன்ஸ்பெக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே அதைக் காட்டிடுங்க. ஒரே பெட்டியில ரெண்டு லாட் கலந்திருந்தா மட்டும் நமக்குப் பேச வாயில்லை. அதனால புதன்கிழமை சிவப்புல நாலஞ்சு பெட்டியைப் பிரிச்சு ஒரு பார்வை பாத்துடுங்க, ப்ளீஸ்.

நூல் பிசிறு, எண்ணெய்க் கறை மாதிரி வந்தா செக்கிங் ஆளுங்களை வச்சு நீங்களே சரி பண்ணச் சொல்லலாம், என்னைக் கேக்க வேண்டாம். மைனரை மேஜர்னு எழுதினாங்கன்னா ஃபோட்டோ எடுத்து, நம்ம ஆட்சேபத்தை ரிமார்க்ஸ்ல எழுதிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. ரிசல்ட் ஃபெயில்னா, மறு இன்ஸ்பெக்ஷன் தேதி எதுவும் ஒத்துக்காம எனக்கு ஃபோன் பண்ணுங்க. சாயப்பட்டறைக்குள்ள இருந்தாலும் எடுப்பேன். பையருக்குப் பதில் சொல்றது முழுக்க என் பொறுப்பு. ரிப்போர்ட்ல என்ன வந்தாலும் பழி உங்க மேல வராது.

உங்க மேனேஜர்கிட்ட இன்னும் பேசலை. உங்களைக் கேக்காம அவர்கிட்ட போறது முறையில்லை. நீங்க சரின்னா நானே அவர்கிட்ட அனுமதி வாங்கிக்கறேன். அடுத்த வாரம் உங்க ஸ்வீடன் பையர் வர்றப்போ சாம்பிள் ரூம் வேலையை ரெண்டு நாளும் நான் பாத்துக்கறேன்.

இன்னைக்கு 5 மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. முடியாதுன்னா தயங்காம சொல்லிடுங்க, இன்ஸ்பெக்ஷனை வெள்ளிக்கு மாத்த முடியுமான்னு ஏஜென்சிக்கு இன்னைக்கே மெயில் போட எனக்கு நேரம் இருக்கும்.

கவிதா
மெர்ச்சண்டைசிங்