கௌசல்யாவுக்கு, அப்பாவின் மறைவை ஒட்டி

அன்புள்ள கௌசல்யா,

நேற்று உங்கள் வீட்டு வாசலில் அவ்வளவு நேரம் நின்றும் உங்களிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. மாலை போட்டேன், உங்கள் அம்மாவைக் கும்பிட்டேன், வந்துவிட்டேன். அங்கே சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். நீங்கள் வேலையில் சேர்ந்த புதிதில், மகள் உட்காரும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போக ஏற்காட்டிலிருந்து வந்திருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னார். ஆனாலும் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த ஜவ்வரிசியைக் கொஞ்சம் உள்ளங்கையில் பரப்பி, காப்பிக்கொட்டையைத் தரம் பார்ப்பதுபோல விரலால் புரட்டினார், முகர்ந்தார். "வாசமே இல்லையே, சார்" என்றார். நீங்கள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

நீங்கள் தேநீர் வாங்கி வரப் போனபோது அவர் சொன்ன ஒன்று உங்களுக்குத் தெரியாது. "ஆறாம் வகுப்பு படிக்கும்போதே என் கூலிச் சீட்டை அவள்தான் கூட்டிச் சொல்வாள். ஒரு தடவை மேஸ்திரி போட்ட கணக்கையே தப்பு என்று காட்டிவிட்டாள்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை நாள் இதை உங்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். கிளம்பும்போது செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்த மிளகு, வெகுநாள் எங்கள் வீட்டு ரசத்தில் மணத்தது.

வேலையைப் பற்றி நினைக்க வேண்டாம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை இங்கே எட்டிப் பார்க்க வேண்டாம். அதற்குப் பிறகும் அம்மாவைத் தனியாக விட முடியாது என்றால் இன்னும் சில நாள் இருந்துவிட்டு வாருங்கள். விடுப்பை நானே பதிந்துவிட்டேன், சம்பளத்தில் பிடித்தம் இருக்காது. 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தாக்கலை ரமேஷ் பார்த்துக்கொள்கிறார். சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும், உங்களை அழைக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்த நேரத்தில் எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒன்று: இறப்பை 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்துவிடுங்கள். பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் அப்பா போனபோது ஒரு எழுத்துப் பிழைக்காக நான் மாதக்கணக்கில் அலைந்தேன். உங்களுக்கு அது வேண்டாம். தம்பியை அனுப்பினால் போதும். கைச்செலவுக்கு முன்பணம் வேண்டுமென்றாலும் அவனிடமே சொல்லி அனுப்புங்கள், தயங்க வேண்டாம்.

காரியத்தன்று நானும் என் மனைவியும் காலையிலேயே வந்துவிடுகிறோம். அம்மாவை வேளைக்குக் கொஞ்சம் கஞ்சியாவது குடிக்க வையுங்கள். நீங்களும் சாப்பிடுங்கள்.

ஆழ்ந்த வருத்தத்துடன்,
சுந்தரம்
மேலாளர், சேலம்