கதை சொல்லும் வாரம்: தினமும் மாலை ஒரு கேள்வி

அறிவிப்பு (ஞாயிறு)

வணக்கம் நண்பர்களே. நாளையிலிருந்து சனிக்கிழமை வரை தினமும் மாலை ஏழு மணிக்கு இங்கே ஒரு கேள்வி வரும். எல்லாமே சின்ன வயதில் கேட்ட, படித்த கதைகளைப் பற்றித்தான். சில நாள் வாக்கெடுப்பு, சில நாள் வெறும் கேள்வி. வாக்கு மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், கீழே இரண்டு வரியாவது எழுதுங்கள். கடையில் சிறுவர் அலமாரியை மாற்றி அடுக்கப்போகிறோம். எந்தக் கதைகள் கண்ணில் படும் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை உங்கள் பதில்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

திங்கள் | வாக்கெடுப்பு

கதைக்குள் புகுந்து ஒரே ஒரு விலங்கைக் காப்பாற்றலாம் என்றால் யாரைக் காப்பாற்றுவீர்கள்?

🐢 இரண்டு பறவைகள் தூக்கிக்கொண்டு பறந்தபோது வாயைத் திறந்த ஆமை
🦁 தன் நிழலைக் கண்டு கிணற்றில் குதித்த சிங்கம்
🐊 குரங்கின் இதயம் மரத்தில் இருக்கிறது என்று நம்பிய முதலை
🐦 பாட்டுப் பாடி வடையை விட்ட காகம்

முதல் மூன்றும் பஞ்சதந்திரம். 8ஆம் நூற்றாண்டிலேயே இப்னுல் முகஃபா அதை அரபு மொழிக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே அதன் பெயர் கலீலா வ திம்னா. காகத்தின் கதையை லா ஃபோன்தேன் பிரெஞ்சில் பாட்டாக எழுதியபோது அதன் வாயில் இருந்தது பாலாடைக்கட்டி. இன்னொன்றும் சொல்லுங்கள்: உங்களுக்குச் சொன்னவர் வடை போனதோடு நிறுத்தினாரா, இல்லை, வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடிய கெட்டிக்காரக் காகம் உங்கள் வீட்டில் இருந்ததா?

செவ்வாய் | கேள்வி

உங்களுக்குக் கதை சொன்னவர் எப்படி ஆரம்பிப்பார்? "ஒரே ஒரு ஊர்ல" என்றா, "ஒரு ராஜாவுக்கு ஏழு பெண்டாட்டி" என்றா, இல்லை எடுத்த எடுப்பிலேயே காட்டுக்குள் போய்விடுவாரா?

முதல் வரியை அவர் சொன்ன மாதிரியே, பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். திருத்த வேண்டாம். நாம் "ம்" கொட்டுவதை நிறுத்தினால் அவர் என்ன செய்வார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தூங்கிவிட்டோமா என்று பார்க்கக் கதையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்பவர்கள் உண்டு. நாம் தூங்கிய பிறகும் தனக்காகவே சொல்லி முடிப்பவர்களும் உண்டு. அவர்கள் சொன்ன கதைகளில் பல எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இங்கே ஒரு வரியாவது எழுத்தில் நிற்கட்டும் என்று மனதார ஆசைப்படுகிறோம்.

புதன் | வாக்கெடுப்பு

இன்று வேதாளம் கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும், ஜாக்கிரதை.

ஒரு பெண். அவளுடைய கணவனும் அண்ணனும் கோயிலில் தலையை வெட்டிக்கொண்டு இறந்து கிடக்கிறார்கள். தேவி மனமிரங்கி, "தலைகளை உடல்களோடு சேர்த்து வை, உயிர் வரும்" என்கிறாள். அவள் பதற்றத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இருவரும் எழுந்து நிற்கிறார்கள். இப்போது அவள் கணவன் யார்?

⚪ கணவனின் தலை உள்ளவன்
⚪ கணவனின் உடல் உள்ளவன்
⚪ இருவருமே இல்லை
⚪ அவள்தான் முடிவு செய்ய வேண்டும்

வேதாளத்தின் இருபத்தைந்து கதைகளில் இது ஒன்று. நம்மில் பலருக்கு இந்தக் கதைகள் 1947இல் தொடங்கிய அம்புலிமாமா வழியாக வந்தவை. தோளில் பிணம், கையில் வாள், விறுவிறுவென்று நடக்கும் விக்கிரமன். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் பலருக்குக் கதையைவிட நன்றாக நினைவிருக்கும். விக்கிரமன் சொன்ன பதிலை நாளை தருகிறோம். அதுவரை யாரும் உடைக்காதீர்கள்.

வியாழன் | நேற்றைய விடையும் இன்றைய கேள்வியும்

"உறுப்புகளில் தலையே முதன்மை, ஆகவே கணவனின் தலை உள்ளவனே கணவன்" என்பது விக்கிரமன் தீர்ப்பு. வேதாளமும் மரத்துக்குத் திரும்பிவிட்டது. நேற்று நீங்கள் போட்ட சண்டை அருமை. நான்காவது பதிலுக்காக வாதாடியவர்கள் பக்கம்தான் நாங்களும். அந்தப் பெண்ணிடம் யாருமே கேட்கவில்லை என்பது சின்ன வயதில் உறைக்கவில்லை, இப்போது நன்றாகவே உறைக்கிறது.

சரி, இன்றைக்கு: உங்களைப் பயமுறுத்திய கதை எது? அதை இன்று ஒரு குழந்தைக்குச் சொன்னால்

⚪ அப்படியே சொல்வேன்
⚪ பயங்கரமான இடத்தை மட்டும் மாற்றுவேன்
⚪ குழந்தை கேட்டால் மட்டும் சொல்வேன்
⚪ சொல்லவே மாட்டேன்

மாற்றிச் சொல்வது புதிதல்ல. கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்னோ வொயிட்டைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாயே. 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். எங்கள் கருத்தைக் கேட்டால், பயத்தை முழுக்கத் துடைத்துவிட்டால் கதையில் தப்பித்து வரும் சந்தோஷமும் போய்விடும். பூதம் இருக்கட்டும், பக்கத்தில் சொல்பவர் இருந்தால் போதும். ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதுங்கள். பெற்றோர்களின், ஆசிரியர்களின் அனுபவம் எங்களுக்கு மிகவும் தேவை.

வெள்ளி | தொலைந்த கதையைத் தேடுவோம்

இந்த வாரத்தில் நாங்கள் அதிகம் எதிர்பார்த்த நாள் இதுதான். கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்பது: "பேர் ஞாபகம் இல்லைங்க, பச்சை அட்டை, ஒரு பையன், ஒரு பறவை…" அந்தப் பச்சை அட்டையை இன்று எல்லோருமாகத் தேடுவோம்.

நினைவில் இருப்பதை எழுதுங்கள்: எந்த வயதில் படித்தீர்கள், தனிப் புத்தகமா பத்திரிகைத் தொடரா, பள்ளி நூலகமா யாரோ கொடுத்ததா, படங்கள் வண்ணமா கறுப்பு வெள்ளையா, மனதில் நிற்கும் ஒரே ஒரு காட்சி எது. ஆசிரியர் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. கதையின் முடிவு நினைவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், பாதியில் நின்ற தொடராக இருக்கலாம். சந்தேகமாக இருக்கும் விஷயத்தை "சந்தேகம்" என்று குறித்துவிடுங்கள், தேடுபவர்கள் தவறான பக்கம் போகாமல் இருப்பார்கள்.

எங்களில் ஒருவர் தேடுவது இது: மூன்றாம் வகுப்பில் படித்தது. மழை பெய்யாத ஊர். ஒரு சிறுமி ஓட்டைக் குடையை எடுத்துக்கொண்டு மேகத்தைக் கூப்பிடப் போகிறாள். வழியில் பேசும் தவளை ஒன்று வரும். மெல்லிய புத்தகம், படங்கள் நீல நிறத்தில் மட்டும். முடிவு நினைவில்லை. உங்களில் யாருக்காவது பொறி தட்டுகிறதா?

கண்டுபிடித்தவர் அந்தப் பதிலின் கீழேயே எழுதுங்கள். அச்சில் இருக்கும் புத்தகம் என்றால் வரவழைத்துத் தருகிறோம். அச்சில் இல்லை என்றால் பழைய புத்தக வியாபாரிகளிடம் சொல்லி வைக்கிறோம். உங்களிடம் பிரதி இருந்தால், விற்க வேண்டாம், தொலைத்தவருக்கு ஒருமுறை படிக்கக் கொடுத்தாலே பெரிய உதவி.

சனி | வாக்கெடுப்பு

சின்ன வயதில் உயிராக இருந்த கதையைப் பெரியவரான பிறகு மறுபடி படித்தீர்களா?

⚪ படித்தேன், இன்னும் பிடித்தது
⚪ படித்தேன், ஏமாற்றம்தான்
⚪ படித்தேன், வேறு பாத்திரத்தைப் பிடித்துவிட்டது
⚪ பயமாக இருக்கிறது, படிக்க மாட்டேன்

மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கட்டாயம் விளக்க வேண்டும். யாரிடமிருந்து யாரிடம் போனீர்கள்?

திங்கள் காலை அலமாரி அடுக்கும் வேலை தொடங்குகிறது. வெள்ளிக்கிழமைத் தேடல் மட்டும் மூடப்படாது, பக்கத்தின் மேலேயே நிற்கும். நீலப் படங்கள், ஓட்டைக் குடை, தவளை: இன்னும் கிடைக்கவில்லை, யோசித்துப் பாருங்கள்.