காக்கை பேசாமல் இருந்த இரவு

கண்களை மெல்ல மூடிக்கொள், கண்ணே. கதை முடிவதற்குள் நீ தூங்கிவிட்டாலும் பரவாயில்லை. மீதியை நாளைக்குச் சொல்கிறேன்.

ஒரு குளத்தங்கரையில் பெரிய ஆலமரம் ஒன்று இருந்தது. அதன் உச்சிக் கிளையில் ஒரு காக்கை கூடு கட்டியிருந்தது. அடியில், வேர்களுக்கு நடுவே, ஒரு வயதான ஆமை வாழ்ந்து வந்தது. காக்கை மிகவும் புத்திசாலி. ஓடு உடையாத கொட்டை கிடைத்தால், அதை அலகில் கவ்விக்கொண்டு உயரப் பறந்து, சரியாகப் பாறையின் மேல் போட்டு உடைத்துவிடும். உண்டது போக மிஞ்சிய இரையை ஒளித்து வைக்கும்போது வேறு ஏதாவது பறவை பார்த்துவிட்டால், அது போன பிறகு திரும்பி வந்து இரையை வேறு இடத்திற்கு மாற்றிவிடும். எந்தச் சிக்கலுக்கும் நூறு எண்ணுவதற்குள் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடுவதால், எதற்காகவும் காத்திருக்கும் பழக்கமே அதற்கு இல்லாமல் போய்விட்டது.

ஆமையோ ஓர் இலையைத் தின்று முடிக்கவே வெயில் மரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடும். காக்கை தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்து, "தாத்தா, இன்னுமா முடியவில்லை?" என்று கேட்கும். "முடிந்துவிடும், மகளே" என்று ஆமை சொல்லும். ஒவ்வொரு நாளும் இதே கேள்வி, இதே பதில். காக்கைக்குச் சிரிப்பு வரும். ஆமைக்குக் கோபம் வந்ததே இல்லை.

ஒரு மாலை நேரத்தில் பலமான காற்று வீசியது. கூட்டின் விளிம்பில் நின்று சிறகை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த சின்னக் குஞ்சு, காற்றில் தடுமாறி, கிளைகளில் பட்டுப் பட்டு, கடைசியில் அடியில் கிடந்த சருகுக் குவியலின் மேல் விழுந்தது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அதற்கு இன்னும் பறக்கத் தெரியாது. தத்தித் தத்தி நடக்க மட்டுமே தெரியும்.

தாய்க் காக்கை பதறிக்கொண்டு கீழே வந்தது. சிறகைக் கவ்வி இழுத்துப் பார்த்தது. குஞ்சு வலியால் கத்தியது. நீண்ட குச்சி ஒன்றைக் கொண்டுவந்து, "இதைப் பிடித்துக்கொள், நான் தூக்குகிறேன்" என்றது. குஞ்சின் கால்களுக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. முதுகில் ஏறச் சொன்னது. குஞ்சு வழுக்கி விழுந்தது. ஒவ்வொன்றும் நல்ல யோசனைதான் என்றாலும், அந்த மாலை எதுவும் பலிக்கவில்லை. அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. இருட்டில் காக்கைக்குக் கண் சரியாகத் தெரியாது. தொலைவில் நரி ஊளையிட்டது.

அப்போது ஆமை நிதானமாக நடந்து வந்தது.

"மகளே, இரண்டு வேர்களுக்கு நடுவில் ஒரு பொந்து இருக்கிறது பார். குஞ்சு அதற்குள் போகட்டும். வாசலை நான் அடைத்துக்கொள்கிறேன்."

"எவ்வளவு நேரம் அப்படி இருப்பீர்கள், தாத்தா?"

"விடியும் வரைக்கும்."

குஞ்சு உள்ளே போனது. ஆமை தலையைப் பொந்துக்குள் வைத்து, நான்கு கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, ஓட்டைக் கொண்டு வாசலை இறுக மூடியது. பிறகு உள்ளிருந்தே சொன்னது: "உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. நீ குரல் கொடுத்தால் குஞ்சு பதில் குரல் கொடுக்கும். நரிக்கு இடம் தெரிந்துவிடும். அதனால் நீ பேசாமல் இருக்க வேண்டும்."

காக்கை திகைத்தது. சண்டை போடச் சொன்னால் போட்டிருக்கும். நரியை ஏமாற்றச் சொன்னால் பத்து வழிகள் சொல்லியிருக்கும். சும்மா இருக்கச் சொன்னால் எப்படி? தொண்டைக்குள் 'கா' என்ற ஒலி ஏற்கெனவே முட்டிக்கொண்டு நின்றது. அப்போதும் அதன் புத்தி கைவிடவில்லை. குஞ்சுக்காகக் கொண்டுவந்த அதே குச்சியை அலகில் கவ்விக்கொண்டு மேலே பறந்து, கிளையில் உட்கார்ந்தது. வாயில் குச்சி இருக்கும் வரை கரைய முடியாது அல்லவா?

இரவு வந்தது. காற்று அடங்கியது. குளத்தில் தவளைகள் கத்தின; பிறகு அவையும் ஓய்ந்தன.

நரி வந்தது. சருகுகளை முகர்ந்தது. பொந்தின் வாசலுக்கு வந்து, முன்னங்காலால் ஓட்டைச் சுரண்டியது. ஆமையின் ஓடு கழற்றிப் போடக்கூடிய சட்டை இல்லை, கண்ணே. அது முதுகெலும்போடும் விலா எலும்போடும் சேர்ந்தே வளர்ந்த உடம்பு. நகம் பட்ட ஒவ்வொரு கீறலும் ஆமைக்குத் தெரிந்தது. ஆனாலும் அது அசையவில்லை. உள்ளே நடுங்கிக்கொண்டிருந்த குஞ்சிடம், காற்றைவிட மெல்லிய குரலில், "என் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிரு" என்றது. ஆமையின் மூச்சு மெதுவாக உள்ளே போனது. மெதுவாக வெளியே வந்தது. குஞ்சும் அதே போல மூச்சு விட்டது. உள்ளே. வெளியே. சற்று நேரத்தில் அதன் தலை ஆமையின் கழுத்தின் மேல் சாய்ந்தது. அது தூங்கிவிட்டது.

மேலே இருந்த காக்கைக்கு அந்தச் சுரண்டல் ஒலி கேட்டது. குச்சியை அலகு நெரித்தது. கத்த வேண்டும், கீழே பாய வேண்டும் என்று ஒவ்வொரு இறகும் துடித்தது. ஆனால் கீழே ஆமை அசையாமல் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு, தானும் அசையாமல் இருந்தது. அந்த இரவில் காக்கை செய்தவற்றிலேயே கடினமான செயல் அதுதான். யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. நரி இன்னும் ஒருமுறை தள்ளிப் பார்த்தது. கல் என்று நினைத்ததோ, அலுத்துப்போனதோ, குளத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

அது போன பிறகும் ஆமை நகரவில்லை. காக்கையும் குச்சியை விடவில்லை. முதலில் ஒரு விண்மீன் மங்கியது. பிறகு பல மங்கின. கிழக்கு வெளுத்தது. இலைகளின் உருவம் ஒவ்வொன்றாகத் தெரிந்தபோது, காக்கை வாயைத் திறந்தது. குச்சி கீழே விழுந்தது.

"கா!"

"கா!" என்று பொந்துக்குள்ளிருந்து சின்னக் குரல் வந்தது. ஆமை ஒவ்வொரு காலாக வெளியே நீட்டி, மெதுவாக விலகி வழிவிட்டது.

குஞ்சு அன்றே பறந்துவிடவில்லை. பகலில் தாய் இரை கொண்டுவந்து ஊட்டியது. இரவில் ஆமை வாசலை அடைத்தது. முதல் நாள் குஞ்சு வேரின் மேல் ஏறியது. மறுநாள் அதைவிட உயரமான வேர். அதற்கு அடுத்த நாள் இரண்டு முறை விழுந்தது. தாய்க் காக்கை பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது, இழுக்கவில்லை, தள்ளவில்லை. ஆறாம் நாள் காலையில், யாரும் சொல்லாமலேயே, குஞ்சு சிறகை அடித்துக்கொண்டு தாழ்ந்த கிளையில் போய் அமர்ந்தது.

அன்று மதியம் ஆமை ஓர் இலையைத் தின்னத் தொடங்கியது. காக்கை வழக்கம்போல வந்து தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. ஆமை தலையைத் தூக்கிப் பார்த்து, கேள்வி வரும் என்று காத்திருந்தது. காக்கை ஒன்றும் கேட்கவில்லை. வெயில் மரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெல்லப் போனது. நடுவே குஞ்சு மட்டும், "தாத்தா, இன்னுமா முடியவில்லை?" என்று கேட்டது.

"முடிந்துவிடும்" என்றது காக்கை.

ஆமை கண்களைச் சுருக்கிச் சிரித்துவிட்டு, அடுத்த வாய் இலையைக் கடித்தது. குஞ்சு தாயின் சிறகுக்குள் ஒடுங்கிக்கொண்டது. மூச்சு மெதுவாக உள்ளே போனது. மெதுவாக வெளியே வந்தது. உள்ளே, கண்ணே. வெளியே.