ஏற்காடு தோட்டம் அளக்கும் நாள்: பெரியப்பா எழுதியதும், குரூப்புக்குச் சுருக்கியதும்

பெரியப்பா எழுதியது

எல்லாருக்கும் வணக்கம். நம்ம நாகலூர் தோட்டத்தை நாலு பங்கா அளந்து பிரிக்கிற வேலை எப்பவோ முடிஞ்சிருக்கணும், மழை விட்டாத்தானே. முந்தி 15ஆம் தேதி சனிக்கிழமைன்னு சொல்லியிருந்தேன், அது இல்ல, சனிக்கிழமை ஆபீஸ் லீவுன்னு அப்புறம்தான் எனக்கு உறைச்சது. நேத்து தாலுகா ஆபீஸ் போனேன். சர்வேயர் தங்கமானவர், உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தார். நவம்பர் 17 திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு வரேன்னார், அப்புறம் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கிளம்பணும்னு பத்தரைன்னார். நாம ஒன்பதரைக்கே அங்க இருக்கணும். போன தடவை எல்லைக்கல்லு காப்பிச்செடிக்குள்ள மூடிக் கெடந்து தேடியே பாதி நாள் போச்சு. இந்தத் தடவை மேஸ்திரி ரெண்டு ஆளோட எட்டு மணிக்கே வந்து புதரை வெட்டிடுவார், கூலி நான் குடுத்துக்கறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் நோட்டீஸ் போயிருக்கு, அவரும் வருவார். அவங்க வேலி போட்ட கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், எங்கப்பா இருந்திருந்தா நடந்திருக்குமா, அதை விடுங்க, அங்க யாரும் வாய் குடுக்க வேண்டாம்.

வேன் பேசிட்டேன், 12 பேர் உக்காரலாம். 6,000 ரூபாய் கேக்கறான், போன வருஷம் எவ்வளவு கம்மி. 1,000 அட்வான்ஸ் குடுத்திருக்கேன். நாலு பங்குக்காரங்களும் ஆளுக்கு 1,500. அஸ்தம்பட்டி ரவுண்டானாவுல ஏழு மணிக்கு நில்லுங்க, ஏழே காலுக்கு வண்டி எடுத்துடும், யாருக்காகவும் நிக்காது, சேலம் அத்தைக்குத்தான் சொல்றேன். அடிவாரத்துல டிபன். இருபது கொண்டை ஊசி வளைவு, உங்க பெரியம்மாவுக்கு மூணாவதுலயே தலை சுத்தும், முன் சீட்டு அவளுக்கு. பெங்களூர் தம்பி ஞாயித்துக்கிழமை ராத்திரியே நம்ம வீட்டுக்கு வந்துடறான். ஆத்தூர் தங்கச்சி கார்ல குப்பனூர் வழியா நேரா வந்துடும், அந்த ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்கான்னு முந்தின நாள் கேட்டுக்கோம்மா.

மூலப்பத்திரம் சேலம் தங்கச்சி பீரோவுல இருக்கு, ஒரிஜினல் வேணும். அப்பாவோட இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ரெண்டும் தம்பிகிட்ட. ஆதார் ஒரிஜினலும் ரெண்டு ஜெராக்ஸும். பட்டா என்கிட்ட. நாலு பேரும் நேர்ல கையெழுத்துப் போடணும், ஒருத்தர் கொறஞ்சாலும் வேலை ஆகாது. மத்தியானத்துக்குச் சேலம் தங்கச்சி புளிசாதம், வீட்டுல தயிர்சாதம், ஆத்தூர்ல இருந்து பாக்குமட்டைத் தட்டு. பிளாஸ்டிக் வேண்டாம், செக்போஸ்ட்டுல பிடுங்கிடுவாங்க. செருப்பு வழுக்கும், ஷூ போடுங்க, ஸ்வெட்டர் எடுங்க. நாலு மணிக்கு இறங்கிடணும், பனி மூடிடுச்சுன்னா ரோடே தெரியாது, தம்பிக்கும் ஏழு மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டுல பஸ். யார் யார் வர்றீங்கன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறுக்குள்ள சொல்லுங்க. ஆங், மறந்துட்டேன், மழை பேஞ்சா அன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு சர்வேயர் எனக்குப் போன் பண்ணுவார், அப்ப புதன்கிழமை 19க்குத் தள்ளிடும். கண்ணு, இதைக் கொஞ்சம் சுருக்கி குரூப்புல போடும்மா.

குரூப்புக்கு

தோட்டம் அளவை: நவம்பர் 17, திங்கள் (15 சனி இல்லை)

மழை பெய்தால் 19 புதனுக்குத் தள்ளும். 17 காலை 6 மணிக்கு சர்வேயர் பெரியப்பாவுக்குப் போன் செய்வார்.

நாகலூர் தோட்டம் 4 பங்காகப் பிரிகிறது. பங்குதாரர் நால்வரும் நேரில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் நடக்காது.

வருவோர் யார் யார் என்று வெள்ளி (14) மாலை 6க்குள் சொல்லவும்.

வேன் (12 பேர்): 7:00 அஸ்தம்பட்டி ரவுண்டானா. 7:15க்குக் கிளம்பும், யாருக்காகவும் நிற்காது. டிபன் அடிவாரத்தில். முன் சீட்டு பெரியம்மாவுக்கு. பெங்களூர் சித்தப்பா ஞாயிறு இரவே பெரியப்பா வீட்டில்.
ஆத்தூர் அத்தை: காரில் குப்பனூர் வழி, நேராகத் தோட்டத்துக்கு. மண் சரிவு உண்டா என்று முந்தின நாள் விசாரிக்கவும்.

8:00 மேஸ்திரியும் 2 ஆட்களும் புதர் வெட்டி எல்லைக்கல்லைக் காட்டுவார்கள் (கூலி பெரியப்பா). 9:30 நாம் அங்கே. 10:30 சர்வேயர். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் நோட்டீஸின்படி வருவார், அவரோடு பேச்சு வேண்டாம். 4:00 இறக்கம், அதற்குமேல் பனி. சித்தப்பாவுக்கு இரவு 7 மணி பஸ், புது பஸ் ஸ்டாண்ட்.

கொண்டுவர:
பெரியப்பா: பட்டா, தயிர்சாதம்
சேலம் அத்தை: மூலப்பத்திரம் ஒரிஜினல், புளிசாதம்
சித்தப்பா: தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ்
ஆத்தூர் அத்தை: பாக்குமட்டைத் தட்டு
நால்வரும்: ஆதார் ஒரிஜினல், 2 ஜெராக்ஸ்
எல்லோரும்: ஷூ, ஸ்வெட்டர். பிளாஸ்டிக் வேண்டாம், செக்போஸ்ட்டில் பிடுங்குவார்கள்.

வேன் வாடகை ரூ.6,000: பங்குக்கு ரூ.1,500. அட்வான்ஸ் 1,000 பெரியப்பா கொடுத்தாச்சு.

பெரியப்பாவுக்குத் தனியாக

பெரியப்பா, மேல இருக்கறதை ஒரு தடவை படிச்சுட்டு சரின்னு சொல்லுங்க, அப்புறம்தான் போடுவேன். சர்வேயர் வாங்கிக் குடுத்த டீ, போன வருஷ வாடகை, பாதி நாள் கல்லு தேடின கதை, மூணாவது வளைவுல பெரியம்மாவுக்குத் தலை சுத்தறது எல்லாம் போச்சு. முன் சீட்டு மட்டும் இருக்கு. பத்து மணிங்கறதையும் எடுத்துட்டேன். ரெண்டு நேரம் பாத்தா நம்ம ஆளுங்க எதைப் பிடிச்சுக்குவாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஆனா "15 இல்லை"ங்கறதை எடுக்கல. ஏற்கெனவே அதைக் கேட்டு சித்தப்பா லீவு போட்டிருந்தாலும் போட்டிருப்பார்.

மழை விஷயத்தை நீங்க கடைசியில, அதுவும் மறந்துபோய் எழுதினீங்க. அதுதான் எல்லாரோட திட்டத்தையும் மாத்தறது, அதனால மேல ஏத்திட்டேன். கையெழுத்தும் அப்படித்தான், பத்திரத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல கெடந்தது. வேலி விவகாரம் குரூப்புல வேண்டாம்னு விட்டுட்டேன். அந்த மெசேஜ் எங்கெங்க ஃபார்வர்டு ஆகும்னு சொல்ல முடியாது, அளக்கற அன்னிக்கு அந்த மனுஷன் பக்கத்துல நிக்கப் போறார். அத்தை பேரை எடுத்துட்டு "யாருக்காகவும் நிற்காது"ன்னு மட்டும் வெச்சிருக்கேன், அவங்களுக்கே புரியும்.

ஆதார் யாருக்குன்னு நீங்க எழுதல. கையெழுத்துப் போடற நாலு பேருக்கு மட்டும்னு எடுத்துக்கிட்டேன், சரிதானே? இன்னொண்ணு, 19க்குத் தள்ளினா அதே வேன் வருமா, 1,000 அட்வான்ஸ் அதுக்கே செல்லுமான்னு டிரைவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க, ஒரு வரி சேத்துக்கறேன். ஆத்தூர் அத்தை வாட்ஸ்அப்பைத் திறக்கறதே அபூர்வம், அவங்களுக்கு நீங்களே போன் போட்டு 17, ஒன்பதரை, தட்டு, ஆதார், இது நாலையும் சொல்லிடுங்க.