கிளினிக் இடர்ப் பதிவேடு: சுங்கை சிப்புட், பேராக்

தயாரித்தவர்: கிளினிக் நிர்வாகி. ஒப்புதல்: பொறுப்பு மருத்துவர். ஜனவரி 2026.

மதிப்பெண் முறை: வாய்ப்பு 1 (பத்தாண்டில் ஒருமுறை) முதல் 5 (மாதந்தோறும்) வரை. பாதிப்பு 1 (சின்ன எரிச்சல்) முதல் 5 (உயிர் போகலாம், அல்லது கிளினிக்கை மூட வேண்டி வரலாம்) வரை. இரண்டையும் பெருக்கினால் மதிப்பெண். 15-க்கு மேல் இந்த மாதமே வேலை. 8 முதல் 15 வரை மூன்று மாதத்துக்குள். அதற்குக் கீழே கண்காணிப்பு. ஒரே விதிவிலக்கு: பாதிப்பு 5 என்றால் பெருக்கல் என்ன சொன்னாலும் உடனே கவனிக்கிறோம். அபூர்வம் என்பதற்காக ஓர் உயிர் பட்டியலின் அடியில் கிடக்கக் கூடாது.

| எண் | இடர் | வாய்ப்பு | பாதிப்பு | மதிப்பெண் | முடிவு | பொறுப்பு |
|---|---|---|---|---|---|---|
| 1 | மின்தடையில் தடுப்பூசி கெடுதல் | 4 | 4 | 16 | குறைத்தல் | மூத்த நர்ஸ் |
| 2 | ஊசிக்குப் பின் கடும் ஒவ்வாமை | 2 | 5 | 10 | குறைத்தல் | மருத்துவர் |
| 3 | ஆள் மாறி மருந்து கொடுத்தல் | 3 | 4 | 12 | குறைத்தல் | கவுண்டர் |
| 4 | நோயாளி விவரம் வெளியே போதல் | 4 | 3 | 12 | தவிர்த்தல், குறைத்தல் | நிர்வாகி |
| 5 | ஊசி குத்துதல், மருத்துவக் கழிவு | 3 | 4 | 12 | குறைத்தல், பகிர்தல் | மூத்த நர்ஸ் |
| 6 | டாக்டர் திடீரென வர முடியாமை | 4 | 2 | 8 | குறைத்தல் | நிர்வாகி |
| 7 | கவுண்டர் பணம் திருடுபோதல் | 2 | 2 | 4 | ஏற்றல் | நிர்வாகி |

இடர் 1. மாலை இடி மழையில் கரண்ட் போவது இங்கே புதிதல்ல. பகலில் போனால் யாராவது கவனிப்பார்கள். சனி இரவு போய் ஞாயிறு விடியலில் திரும்பி வந்தால், திங்கள் காலை ஃபிரிட்ஜ் சாதாரணமாகத்தான் தெரியும். இடையில் 2 முதல் 8 டிகிரி எல்லையைத் தாண்டியது யாருக்கும் தெரியாது. வலு குறைந்த ஊசியை ஒரு குழந்தைக்குப் போட்டு விடுவோம். பண நஷ்டத்தைவிட இதுதான் பாதிப்புக்கு 4 கொடுத்த காரணம்.

வீட்டு ஃபிரிட்ஜை எடுத்துவிட்டு மருந்துக்கென்றே செய்த ஃபிரிட்ஜ் வாங்குகிறோம். வெப்பநிலையைப் பதிந்து போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவியும் வரும். வைஃபையில் ஓடும் கருவி வேண்டாம்: கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும். பேட்டரியும் சிம் கார்டும் உள்ளதாகவே இருக்க வேண்டும். கரண்ட் இல்லாதபோது கதவைத் திறக்கக் கூடாது. ஐஸ் பொட்டலத்தை ஊசி மருந்தின் மேல் நேரடியாக வைக்கக் கூடாது. ஹெபடைடிஸ் பி போன்றவை உறைந்தாலும் கெட்டுவிடும். எல்லை தாண்டிய மருந்து தனிப்பெட்டியில், "போடாதே" என்ற சீட்டோடு, மருத்துவர் முடிவு சொல்லும்வரை காத்திருக்கும். மருந்தின் விலைக்குக் காப்பீடு கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அது கெட்ட ஊசி போட்ட குழந்தைக்கு ஈடாகாது. இவை முடிந்தபின் எஞ்சும் மதிப்பெண்: 2 × 4 = 8.

இடர் 2. அட்ரினலின் ஊசி அறையிலேயே, பூட்டில்லாத சிவப்புப் பெட்டியில். காலாவதி தேதி மாதாமாதம் பார்க்கப்படும். ஊசி போட்டவர் 15 நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும், "பஸ் போய்டும் மிஸ்ஸி" என்றாலும். 999-க்கு யார் பேசுவது, அட்ரினலினை யார் எடுத்துக் கொடுப்பது என்பது காலாண்டு ஒத்திகையில் முடிவாகும்.

இடர் 3. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். வங்காளதேச, நேபாளத் தொழிலாளர்களிடம் பெயர் உச்சரிப்பும் குழப்பும். பெயரோடு ஐசி அல்லது பாஸ்போர்ட் எண்ணையும் சரிபார்க்காமல் கார்டு எடுக்கக் கூடாது. ஒவ்வாமை இருந்தால் கார்டின் முன்பக்கம் சிவப்பு ஸ்டிக்கர்.

இடர் 4. தோட்ட மேற்பார்வையாளர்கள் தொழிலாளியின் ரத்தப் பரிசோதனை முடிவை வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். இனி யாருக்கும் அனுப்புவதில்லை; இந்த வழியையே மூடுகிறோம். தொழிலாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இருந்தால், வேலைக்குத் தகுதி உண்டா இல்லையா என்ற கடிதம் மட்டும் போகும். கேட்பவர் முகம் சுளிப்பார், அதை நிர்வாகி சமாளிப்பார். கம்ப்யூட்டர் விவரம் தினமும் நகலாகும், நகல் கிளினிக்குக்கு வெளியே இருக்கும். கசிவு நடந்து பெரிய தீங்கு வரக்கூடும் என்றால், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

இடர் 5. பயன்படுத்திய ஊசிக்கு மூடி திரும்பப் போடக் கூடாது. எல்லா ஊழியருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. குத்திவிட்டால் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கழிவை உரிமம் பெற்ற நிறுவனம் எடுத்துப் போகும். வேலை அவர்களுடையது, ஆனால் ஒப்படைத்த சீட்டுகளைக் கோப்பில் வைப்பது நம் பொறுப்பு.

இடர் 6. நடப்பு ஆண்டுப் பயிற்சிச் சான்றிதழ் உள்ள இரண்டு மாற்று மருத்துவர்களின் எண் கவுண்டரில் ஒட்டப்பட்டிருக்கும்.

இடர் 7. பணம் தினமும் வங்கிக்குப் போகிறது. மீதி நூறு ரிங்கிட்டுக்கு மேல் வைக்காததால் கேமரா செலவு இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்த மறுபார்வை: ஏப்ரல் 2026. அதற்குள் ஏதாவது நடந்தால், நடந்த வாரமே மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும். ஃபிரிட்ஜ் விலைப்பட்டியல்கள் இரண்டு இந்த வெள்ளிக்குள் நிர்வாகி மேசைக்கு வர வேண்டும்.