மடிப்பாக்கம் வீடு: தரைத்தள ரூஃப் கான்கிரீட் நவம்பர் 24க்குத் தள்ளிப்போகிறது

வணக்கம் சார்,

நவம்பர் 12 அன்று போட வேண்டிய ரூஃப் கான்கிரீட்டை 24ஆம் தேதிதான் போட முடியும். வீடு ஒப்படைக்கும் தேதியும் ஏப்ரல் 20லிருந்து 27க்கு மாறுகிறது.

மழை விட்டுவிட்டது, பிறகு ஏன் 12 நாள் என்று கேட்பீர்கள். தெருவில் நின்ற தண்ணீர் பேஸ்மென்ட்டுக்குள் புகுந்து, நிரப்பிய மண் ஊறிவிட்டது. ஹாலின் தென்கிழக்கு மூலையில் பலகை வைத்தும் ஆறு ஜாக்கி இறங்கி, அந்தப் பக்கம் சென்ட்ரிங் மட்டம் 20 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. அப்படியே கான்கிரீட் கொட்டினால் தளம் தொங்கும். பாரம் ஏறும்போது முட்டு இன்னும் இறங்கினால் விரிசலும் வரும். ரெடிமிக்ஸ் லாரியும் பம்ப்பும் வர தெருவும் காய வேண்டும்.

மண் காய 17 வரை ஆகும். 18, 19இல் அந்த மூலை முட்டுகளை எடுத்து, மண்ணைத் திமிசு போட்டு, அகலப் பலகை வைத்து மறுபடி நிறுத்துவோம். 20இல் மட்டம் பார்த்து, ஊறி உப்பிய பிளைவுட்டை மாற்றுவோம். 21, 22இல் கம்பியில் படிந்த துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, கவர் பிளாக், எலக்ட்ரிக்கல் பைப் எல்லாம் சரிபார்ப்போம். 23 காலை நீங்கள் வந்து பார்த்தால் நல்லது. கான்கிரீட் விழுந்த பிறகு இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

24இல் எம்25 ரெடிமிக்ஸ், 16 கன மீட்டர், மூன்று லாரி. ஒன்பது க்யூப் எடுத்து 28ஆம் நாள் டெஸ்ட் ரிப்போர்ட்டை அனுப்புகிறோம். பிபிசி சிமென்ட் என்பதால் பாத்தி கட்டி 10 நாள் தண்ணீர் நிறுத்துவோம். சென்ட்ரிங்கை டிசம்பர் 15க்கு முன் பிரிக்க மாட்டோம். போன நாளை அங்கே பிடிக்கப் பார்ப்பது வீட்டுக்கு ஆபத்து.

ஐந்து நாளை வேறு இடத்தில் மீட்கிறோம். ஜன்னல் கிரில், கதவு நிலை ஆர்டரை இப்போதே கொடுத்துவிட்டோம். பூச்சு வேலைக்கு இரண்டு கொத்தனார் செட் இறங்கும்.

கூடுதல் சென்ட்ரிங் வாடகையும் ஆள் கூலியும் எங்கள் கணக்கில். உங்கள் பில்லில் வராது. ரூஃப் ஸ்டேஜ் பணம் கான்கிரீட் முடிந்த பிறகு கொடுத்தால் போதும். லோன் தவணை தள்ளிப்போவதை பேங்க்கில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாடகை வீட்டை ஏப்ரல் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியிருந்தால் ஒரு மாதம் நீட்டிக் கேளுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு மே முதல் வாரத்துக்குப் பிறகு நாள் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கும், அதனால் 24இல் மழையே வராது என்று சொல்ல மாட்டோம். சென்னை வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்து, போடுவதா இல்லையா என்று 23 மாலை 5 மணிக்குள் போனில் சொல்லிவிடுவோம். கனமழை எச்சரிக்கை இருந்தால் லாரியை அழைக்க மாட்டோம். தள்ளிப்போட்டால், எச்சரிக்கை நீங்கிய மறுநாளே போடுவோம். ஒப்படைக்கும் தேதி எத்தனை நாள் நகரும் என்பதையும் அப்போதே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
தளப் பொறியாளர்